சத்துணவு ஆயாவுக்கு என்ன எழுதுவது?

பணி ஓய்வு பெறும் சத்துணவுச் சமையலருக்குப் பள்ளியில் பொன்னாடை போர்த்துவார்கள். ‘தன்னலமற்ற சேவை’ என்று ஒரு வாழ்த்து மடலும் வாசிப்பார்கள். அதே மடலைத் தபால்காரருக்கும் வாசிக்கலாம். அந்த அம்மா அடுப்படியில் என்ன செய்தார் என்பது அதில் இருக்காது.

முந்நூறு பிள்ளைகள் சாப்பிடும் ஒரு நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறாம் வகுப்புக்கு மேல் 150 கிராம். சிறியவர்கள் 200 பேர், பெரியவர்கள் 100 பேர் என்றால் 35 கிலோ அரிசி. வெள்ளைச் சோறு என்றால் தண்ணீர் கூடினாலும் வடித்துவிடலாம். தக்காளி சாதம், புலவு என்று கலவை சாதம் வந்த பிறகு அந்த வசதி இல்லை. உலையில் ஊற்றும் தண்ணீர் அத்தனையும் அரிசிக்குள் போக வேண்டும். பழைய அரிசி அதிகம் இழுக்கும், புதிது குழையும். மூட்டைக்கு மூட்டை மாறும் இந்தக் கணக்கு எந்த ஆணையிலும் இல்லை, அவர் கையில்தான் இருக்கிறது. அடிப்பிடித்த வாடை எழுந்ததுமே சுரண்டாமல் மேல்சோற்றை வேறு அண்டாவுக்கு மாற்றிவிடுவார். சுரண்டினால் அண்டா முழுதும் தீய்ந்த நாற்றம்தான்.

அடுத்தது முட்டை. தண்ணீரில் போட்டு, மிதப்பதை ஒதுக்கி, மீதியை வேகவைத்து, ஒவ்வொன்றாய் உரிக்க வேண்டும். முந்நூற்றில் ஒரு கூமுட்டைகூட ஒரு பிள்ளையின் தட்டுக்குப் போய்விடக் கூடாது.

இந்த மூக்கும் கண்ணும் எவ்வளவு பெரியவை என்பதை பீகார் காட்டியது. 2013 ஜூலை 16 அன்று, சாரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. எண்ணெய் சரியில்லை என்று சமைத்த பெண் சொன்னதாகவும், அது காதில் விழவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. பரிமாறுமுன் ஆசிரியர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால், அதற்கு வெகுமுன்பே டின்னைத் திறக்கிறபோது முகர்ந்து பார்ப்பவர் சமையலர்தான்.

ஆகவே நன்றி மடலில் இவை வரட்டும். ஒரு பிள்ளை இப்படி எழுதலாம்: “ஆயா, வண்டு விழுந்த பருப்பை நீங்க திருப்பி அனுப்பினீங்க. நான் முட்டை சாப்பிடமாட்டேன்னு தெரிஞ்சு வாழைப்பழம் எடுத்து வச்சீங்க. கூட ஒரு கரண்டி கேட்டப்ப திட்டாம போட்டீங்க.”

ஓய்வு பெறும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். ஆசிரியர்களே, இந்த வாரமே பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். காலை இறைவணக்கத்தில் அவரை முன்னால் நிற்கவைத்து, அதைப் பிள்ளைகளே வாசிக்கட்டும். அரிசியோ எண்ணெயோ சரியில்லை என்று அவர் சொல்லும் நாளில், அந்த மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள்.