ஒரு எழுத்து மாறினா படிவம் ஏன் திரும்பி வருது?

"சார், ஊரும் அதே ஊரு, தெருவும் அதே தெரு. ஒரு எழுத்துதானே மாறியிருக்கு, இதுக்குப் போயா திருப்பி அனுப்புறீங்க?" பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு எழுதும் காலத்தில் நம்ம உழவர்கள் வங்கியில் கேட்கிற கேள்வி இது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் அந்த மேசையில் இருப்பவரிடம் முழுசாக இல்லை. எந்த வித்தியாசம் வெறும் எழுத்து, எந்த வித்தியாசம் உண்மையிலேயே வேறு முகவரி என்பதை நாம் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

முதலில் எழுத்துக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நம்ம மாவட்டப் பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தில் Villupuram. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் Viluppuram. "ழ" வரவேண்டும் என்பவர்கள் Vizhuppuram என்று எழுதுகிறார்கள். செஞ்சியை அரசு Gingee என்கிறது, நாம் Senji என்று எழுதுகிறோம். 2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி ஆணை வெளியிட்டது. அதன்படி கோயம்புத்தூர் Koyampuththoor ஆனது, வேலூர் Veeloor ஆனது. பலரும் குறை சொல்ல, சில நாட்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. தமிழில் ஒரே மாதிரி எழுதும் ஊருக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்து இன்னும் நிலைக்கவில்லை. ஆதார் எடுத்தவர் ஒரு மாதிரி தட்டினார், வாக்காளர் அட்டை தட்டியவர் வேறு மாதிரி தட்டினார். தப்பு நம்முடையது இல்லை, ஆனால் சுமை நம்ம தலையில்.

சரி, வங்கி ஏன் இதைப் பெரிசாக எடுக்கிறது? சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2002, அதையொட்டி ரிசர்வ் வங்கி போட்ட கே.ஒய்.சி. விதி ஆகியவற்றின்படி, வாடிக்கையாளரின் பேரும் முகவரியும் ஏற்கப்பட்ட ஆவணம் ஒன்றில் இருந்தே வரவேண்டும். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை முதலியவைதான் அந்த ஆவணங்கள். காப்பீட்டிலும் 2023 ஜனவரி 1 முதல் எல்லா வகைப் பாலிசிக்கும் கே.ஒய்.சி. கட்டாயம். நாம் படிவத்தில் எழுதுவது நம்ம சொல். ஆவணத்தில் இருப்பதுதான் சாட்சி. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், பின்னால் தணிக்கை வரும்போது கையெழுத்துப் போட்ட அதிகாரிதான் பதில் சொல்லவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. படிவத்தை வாங்குகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் வேறொருவர். பல வங்கிகளில் அந்தச் சரிபார்ப்பு ஏதோ ஒரு நகரத்தில் இருக்கும் மைய அலுவலகத்தில் நடக்கிறது. அங்கே இருப்பவருக்கு வல்லமும் தெரியாது, மாரியம்மன் கோயில் தெருவும் தெரியாது. திரையில் இரண்டு படம் மட்டும் தெரியும். நம்ம கிளையில் இருப்பவர் "அட, இவரைத் தெரியுமே" என்று சொன்னாலும் அது அங்கே போய்ச் சேராது.

வல்லத்தையே எடுத்துக்கொள்வோம். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கிற நம்ம வல்லம் ஒன்று. தஞ்சாவூர் பக்கம் ஒரு வல்லம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வல்லம், செங்கல்பட்டு பக்கம் ஒரு வல்லம். வெறும் Vallam என்று பார்க்கிறவருக்கு இது எந்த வல்லம் என்று எப்படித் தெரியும்? தாலுக்கா, மாவட்டம், பின்கோடு இந்த மூன்றையும் வைத்துத்தான்.

இப்போது ஒரு படிவத்தை வைத்துப் பார்ப்போம். உழவர் ஒருவரின் ஆதாரில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
3/47, Mariamman Koil Street, Vallam,
Gingee, Viluppuram
```

படிவத்தில் அவர் எழுதியது:

```
3/47, Mariyamman Kovil St, Vallam,
Tindivanam, Villupuram
```

நாலு இடத்தில் மாறியிருக்கிறது. கோயில் பேரும், தெரு என்பதன் சுருக்கமும், மாவட்டத்தின் எழுத்தும் வெறும் எழுத்து வித்தியாசம். விவரம் தெரிந்தவர் பார்த்தால் விட்டுவிடுவார், கணினி ஒப்பிட்டால் நிறுத்தக்கூடும். நாலாவது வேறு ரகம். வருவாய்க் கோட்டம் திண்டிவனம் என்பதால் அவர் அப்படி எழுதிவிட்டார். தாலுக்கா செஞ்சி. சரிபார்க்கிறவர் கண்ணுக்கு இது எழுத்துப் பிழை இல்லை, வேறு தாலுக்காவில் இருக்கிற வேறு வீடு. கதவு எண்ணும் பின்கோடும் இப்படித்தான். திண்டிவனத்தின் பின்கோடு 604001, செஞ்சியுடையது 604202. ஓர் எண் மாறினாலும் தபால் வேறு ஊருக்குப் போகும்.

பயிர்க் காப்பீட்டில் இதைவிட முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது. அங்கே வீட்டு முகவரி நீங்கள் யார் என்பதற்கு மட்டும்தான். இழப்பீட்டைத் தீர்மானிப்பது நிலம் இருக்கிற வருவாய்க் கிராமமும் சர்வே எண்ணும். ஏனென்றால் மகசூல் இழப்பைத் தனித்தனி வயலாகப் பார்ப்பதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமத்துக்கோ பிர்க்காவுக்கோ பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து, சராசரி மகசூல் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடுகிறார்கள். வீடு ஒரு கிராமத்தில், நிலம் பக்கத்துக் கிராமத்தில் என்பது நம்ம பக்கம் சாதாரணம். வீட்டு ஊரையே நிலத்து ஊராகப் பதிந்துவிட்டால் படிவம் திரும்பி வராமலேகூடப் போகலாம். அதுதான் ஆபத்து. பிரீமியம் போய்விடும், மகசூல் கணக்கு வேறு ஊருடையதாக இருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து நம்ம மாவட்டத்து வயல்களை மூழ்கடித்தது. அப்படி மழை கொட்டிய பிறகு படிவத்தைத் திருத்த முடியாது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற ஆங்கில எழுத்தை அப்படியே பார்த்து எழுதுங்கள். Koil என்றால் Koil, பிழையாகத் தெரிந்தாலும் நீங்கள் திருத்தாதீர்கள். இ-சேவை மையத்தில் வேறொருவர் தட்டினால், அனுப்புவதற்கு முன் திரையை வாங்கிப் பாருங்கள். பேரும் இப்படியே. "கோ. முருகன்" என்று ஒன்றிலும் "முருகன் கோவிந்தன்" என்று இன்னொன்றிலும் இருந்தால், முகவரியைவிட அது பெரிய சிக்கல்.

ஆதாரிலேயே தாலுக்கா, மாவட்டம், பின்கோடு தப்பாக இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். பேரை ஆதாரில் இரண்டு தடவைதான் மாற்றலாம், முகவரிக்கு அப்படி வரம்பு இல்லை. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அந்தப் பக்கத்து உழவர்கள் பழைய அட்டையில் விழுப்புரம் என்றே இருக்கிறதா என்று பாருங்கள்.

காப்பீட்டுக்கு வருவாய்க் கிராமத்தின் பேரை சிட்டாவையும் அடங்கலையும் பார்த்து எழுதுங்கள். ரசீது வாங்கியதும் கிராமம், சர்வே எண், பரப்பு மூன்றையும் அங்கேயே ஒத்துப்பாருங்கள். தப்பு இருந்தால் கடைசித் தேதிக்குள் திருத்தச் சொல்லுங்கள். அதற்காகவே கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

அதற்குப் பிறகும் திரும்பி வந்தால், "முகவரி சரியில்லை" என்ற வாய்ச்சொல்லோடு வீட்டுக்கு வராதீர்கள். எந்தச் சொல், எந்த ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கேளுங்கள். 2025 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த திருத்தப்படி, கே.ஒய்.சி. விண்ணப்பத்தை யோசிக்காமல் நிராகரிக்கக் கூடாது, காரணத்தை அதிகாரி பதிவு செய்யவேண்டும். எழுத்தாகப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in வழியாக எழுதலாம். பயிர்க் காப்பீட்டுக்கு 14447 என்ற எண் இருக்கிறது. பேசும்போது விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.