‘அண்ணை, ஊர் லைசென்ஸ் இருக்கு, ஒரு வருஷம் நிக்க வேணுமோ?’ – கூகுளில் உங்கள் கடையைக் காட்டும் கேள்வி

ஒன்ராறியோவில் எங்கட ஆட்கள் நடத்தும் டிரைவிங் ஸ்கூல்களின் இணையத்தளங்களைத் திறந்து பாருங்கள். ‘அனுபவமிக்க ஆசிரியர்கள், நியாயமான கட்டணம், தமிழிலும் ஆங்கிலத்திலும் பயிற்சி’ என்று மூன்று வரி, கீழே ஒரு தொலைபேசி எண். பல தளங்களில் இதற்கு மேல் எதுவும் இருக்காது. ‘நியாயமான கட்டணம்’ என்று கூகுளில் தட்டித் தேடுகிறவர் யாரும் இல்லை. தனக்குத் தெரியாத ஒன்றைத்தான் ஆள் தேடுகிறார். அதற்குப் பதில் உங்கள் தளத்தில் இல்லையென்றால், கூகுள் உங்களைக் காட்டுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஆனால் அந்தப் பதில் உங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் போனில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

கேள்வியைப் பிடிப்பது

இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியைப் போனுக்குப் பக்கத்தில் வையுங்கள். அழைப்பிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் கேள்விகளை, கேட்டவரின் சொற்களிலேயே எழுதுங்கள். ‘வெளிநாட்டு உரிமத்துக்கான அனுபவக் கணக்கு’ என்று திருத்தி எழுத வேண்டாம். ‘அண்ணை, நான் ஊரில பத்து வருஷம் ஓடினனான். இஞ்சையும் ஒரு வருஷம் நிக்க வேணுமோ?’ என்று கேட்டால் அப்படியே இருக்கட்டும்.

‘எவ்வளவு காசு?’ போன்றவை ஒரு வரிப் பதில்கள். அவற்றுக்குக் கட்டுரை தேவையில்லை. ‘அது உங்கட நிலையைப் பொறுத்தது’ என்று நீங்கள் சொல்லி, பிறகு ஐந்து நிமிடம் விளக்க வேண்டி வருகிற கேள்விதான் கட்டுரைக்கு ஏற்றது. மேலே சொன்ன ஊர் லைசென்ஸ் கேள்வி அப்படிப்பட்டது.

பிறகு அதைக் கூகுளில் தட்டிப் பாருங்கள். நீங்கள் தட்டும்போதே கீழே விழும் பரிந்துரைகளும், முடிவுகளுக்கு நடுவில் வரும் People also ask பெட்டியும், மற்றவர்கள் அதே கேள்வியை எந்தச் சொற்களில் கேட்கிறார்கள் என்று காட்டும். முதல் இடத்தில் அரசாங்கத்தின் பக்கம் நிற்கும். அதோடு போட்டி போட முடியாது, தேவையும் இல்லை. அரசாங்கப் பக்கம் எல்லா நாட்டவருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. ஸ்ரீலங்கா லைசென்ஸோடு வந்திறங்கிய ஒருவரின் நிலையை மட்டும் எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை சொல்லும் பக்கம் அரிது. உங்களுக்குரிய இடம் அது.

பதிலை மேலே வையுங்கள்

ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். அந்தக் கேள்வியே தலைப்பு. முதல் இரண்டு மூன்று வரியில் பதில் வந்துவிட வேண்டும். இந்தக் கேள்விக்கு அது இப்படி இருக்கலாம்:

“ஸ்ரீலங்கா லைசென்ஸை ஒன்ராறியோவில் நேரே மாற்ற முடியாது. G1 எழுத்துப் பரீட்சை கட்டாயம். ஆனால் ஊரில் ஓடிய அனுபவம் கணக்கில் சேரும் என்பதால், பலருக்கு G2 வீதிப் பரீட்சைக்கு 12 மாதம் காத்திருக்கத் தேவையில்லை.”

அதற்குக் கீழே விபரம். 24 மாதத்துக்கு மேற்பட்ட அனுபவத்தைக் காட்டி நேரே G பரீட்சைக்குப் போக விரும்புகிறவர், லைசென்ஸ் கொடுத்த திணைக்களத்திடமிருந்தோ தூதரகத்திடமிருந்தோ உறுதிப்படுத்தும் கடிதம் எடுக்க வேண்டும். ஆட்கள் தடுக்குப்படுவது இந்தக் கடிதத்தில்தான். எங்கே கேட்பது, ஊரில் இருக்கும் உறவினர் என்ன கொண்டுபோக வேண்டும், உங்கள் மாணவர்களுக்கு எத்தனை கிழமை எடுத்தது என்று எழுதுங்கள். அரசாங்கப் பக்கத்தில் இதெல்லாம் கிடைக்காது.

வியாபாரம் போகும் என்ற பயம்

இங்கேதான் பல முதலாளிமார் தயங்குகிறார்கள். அரசாங்கம் அங்கீகரித்த ஆரம்பப் பயிற்சி வகுப்பை எடுத்தால் G1 காத்திருப்பு 12 மாதத்திலிருந்து 8 மாதமாகக் குறையும். அந்த 40 மணிநேர வகுப்புதான் இந்தத் தொழிலின் முக்கிய வருமானம். ஊர் அனுபவம் உள்ளவருக்குக் காத்திருப்பே இல்லையென்றால், காத்திருப்பைக் குறைக்க வகுப்பு எதற்கு? சுவிஸ், பிரான்ஸ், ஜெர்மனி, பிரித்தானியா ஆகிய நாடுகளிலிருந்து இரண்டு வருட அனுபவத்தோடு வரும் எங்கட ஆட்களுக்கு வீதிப் பரீட்சையே இல்லாமல் லைசென்ஸை மாற்ற வழியிருக்கிறது. அவர்களுக்கு நீங்களே தேவையில்லை.

இதையும் எழுதத்தான் வேண்டும். மறைத்தால், படிப்பவர் பாதி வழியில் வேறு பக்கத்துக்குப் போய் உண்மையைக் கண்டுபிடிப்பார். ‘உங்களுக்கு முழு வகுப்பு தேவையில்லை. ஆனால் பனியில் ஓடவும், 401-இல் ஏறவும், பரீட்சை வீதிகளைப் பழகவும் நாலைந்து தனிப் பாடம் எடுத்தால் நல்லது’ என்று சொல்கிற பக்கத்தை ஆள் நம்புவார். வகுப்புச் சான்றிதழுக்குச் சில காப்புறுதி நிறுவனங்கள் தள்ளுபடி கொடுக்கின்றன. அதையும் சொல்லி, முடிவை அவரிடமே விடுங்கள்.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

தமிழில் கேட்பவரும் தேடும்போது பல வேளை `sri lanka licence ontario g2` என்றுதான் தட்டுகிறார். ஆகவே ஆங்கிலத்தில் ஒரு பக்கம், தமிழில் இன்னொரு பக்கம், ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஓர் இணைப்பு. ஒரே பக்கத்தில் பந்திக்குப் பந்தி மொழி மாற்றினால் வாசிப்பவருக்கும் கஷ்டம், எந்த மொழிப் பக்கம் என்று கூகுளுக்கும் குழப்பம். தமிழ்ப் பக்கத்தைத் தேடுகிறவர் குறைவாக இருக்கலாம். ஆனால் பிள்ளைகள் அதை அம்மாவுக்கும் மாமாவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்.

எங்கே பிழைக்கிறது?

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே கட்டுரையை இருபது தரம் போடுவது வழக்கமான பிழை. கூகுள் இதை ஏமாற்று வேலையாகவே கணக்கெடுக்கிறது. இன்னொன்று, கேள்வி-பதிலுக்கு விசேஷ கோட் போட்டால் முடிவுப் பக்கத்தில் விரிந்து தெரியும் என்று காசு கேட்பவர்கள். 2023 ஆகஸ்டில் கூகுள் அந்த வசதியைப் பெயர்பெற்ற அரசாங்க, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது.

மூன்றாவது, பழசாகிப் போவது. கட்டணமும் விதியும் மாறும். ‘கடைசியாகச் சரிபார்த்த திகதி’ என்று மேலே போட்டு, அரசாங்கப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் நீங்களே வாசியுங்கள். பிழையான விதியை நம்பி ஒருவர் பரீட்சை நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்டால், அவர் திட்டப்போவது உங்களைத்தான்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

கூகுளின் இலவச Search Console-இல் தளத்தைப் பதிந்துவிடுங்கள். பக்கம் போட்ட அன்றே, URL Inspection-இல் முகவரியைக் கொடுத்து Request indexing அழுத்துங்கள். பிறகு இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும்.

Performance பகுதியில் அந்தப் பக்கத்தை மட்டும் தெரிவுசெய்து பாருங்கள். Impressions என்பது எத்தனை தரம் முடிவுகளில் காட்டப்பட்டது, Clicks என்பது எத்தனை பேர் அழுத்தினார்கள். காட்டப்படவே இல்லையென்றால், பக்கம் பதிவாகவில்லை, அல்லது நீங்கள் எழுதிய சொற்களில் யாரும் தேடுவதில்லை. முதற்பக்கத்தில் காட்டப்பட்டும் ஆள் வரவில்லையென்றால், தலைப்பில் அவருடைய கேள்வி தெரியவில்லை. சராசரி இடம் 15, 20 என்று நின்றால், மேலே இருப்பவர்கள் சொல்லி நீங்கள் விட்டது என்னவென்று பாருங்கள். அதே இடத்தில் உள்ள Queries பட்டியல், நீங்கள் எதிர்பாராத கேள்விகளையும் காட்டும். அடுத்த கட்டுரைக்கு அதிலிருந்து எடுக்கலாம்.

ஒன்று மட்டும் இந்தக் கட்டுரையால் வந்துவிடாது. `driving school near me` என்று தேடும்போது வரைபடத்தோடு வரும் மூன்று பெயர்கள், கடையின் தூரம், Business Profile விபரம், வாடிக்கையாளர் எழுதும் மதிப்பீடுகள் போன்றவற்றைப் பொறுத்தவை. அங்கே வருகிறவர் பள்ளிக்கூடம் தேடுகிறவர். கட்டுரைக்கு வருகிறவர் அதற்கு ஒரு படி முந்தி, ‘எனக்கு எது தேவை?’ என்று குழம்பி நிற்கிறவர். போனில் ஐந்து நிமிடம் விளக்கி அனுப்பியவர்களில் எத்தனை பேர் பிறகு உங்களிடமே வந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் எழுதி வைக்கச் சொல்கிறேன்.