அளவுநாடாவின் இரு முனைகள்

பள்ளி விளையாட்டு விழாவில் நீளம் தாண்டுதலைக் காண்போருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. தொலைவில் சென்று விழுந்தவராகத் தோன்றுபவர் குறைந்த அளவைப் பெறுகிறார். அருகில் விழுந்தவராகத் தோன்றுபவர் முந்திவிடுகிறார். இதற்கான விடை, அளவுநாடாவின் இரு முனைகளும் எங்கே வைக்கப்படுகின்றன என்பதில் உள்ளது.

வீரர் ஓடிவந்து காலூன்றி எழுவதற்கு 20 செ.மீ. அகலமுள்ள மிதிபலகை பதிக்கப்பட்டிருக்கும். மணற்குழியை நோக்கிய அதன் விளிம்பே தாண்டுகோடு ஆகும். இக்கோட்டிலிருந்துதான் தொலைவு கணக்கிடப்படுகிறது; கால் பதிந்த இடத்திலிருந்து அன்று. ஆகவே, கோட்டிற்கு 10 செ.மீ. முன்பாகவே எழும்புபவர் அந்த 10 செ.மீ. தொலைவை இழக்கிறார். மாறாக, எழும்பும் காலின் நுனி கோட்டைச் சற்றே கடந்தாலும் நடுவர் சிவப்புக்கொடியை உயர்த்துவார். அத்தாண்டல் அளக்கப்படுவதில்லை. முறையான தாண்டலுக்கு வெள்ளைக்கொடி உயரும்.

நாடாவின் மறுமுனை, மணலில் உடல் பதித்த தடங்களுள் தாண்டுகோட்டிற்கு மிக அண்மையில் உள்ளதில் வைக்கப்படும். அத்தடம் குதிகாலுடையதாகவோ, இடுப்புடையதாகவோ, கையுடையதாகவோ இருக்கலாம். ஒருவருடைய குதிகால்கள் 5.40 மீட்டரில் பதிகின்றன எனக் கொள்வோம். நிலைதடுமாறி அவர் பின்புறம் ஊன்றிய கை 4.95 மீட்டரில் பதிந்தால், அவருடைய அளவு 4.95 மீட்டரே. கோட்டிற்குச் செங்குத்தாக நாடாவைப் பிடித்து, சென்டிமீட்டருக்குக் குறைவான பகுதியை விட்டுவிட்டு அளவைக் குறிப்பர்.

2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கின் இறுதிப்போட்டியில் அமெரிக்க வீரர் ஜாரியன் லாசன் தம் கடைசி வாய்ப்பில் நெடுந்தொலைவு தாண்டினார். பதக்கம் உறுதி என்றே அரங்கம் எண்ணியது. ஆனால், அவருடைய கை உடலுக்குப் பின்னே மணலை உரசியிருந்தது. அத்தடத்திலிருந்து அளந்தபோது கிடைத்தது 7.78 மீட்டர் மட்டுமே. 8.38 மீட்டர் தாண்டிய ஜெஃப் ஹெண்டர்சன் தங்கம் வென்றார். முந்தைய தாண்டலில் பெற்ற 8.25 மீட்டருடன் லாசன் நான்காம் இடம் பெற்றார்.

குண்டு எறிதலிலும் அண்மைத் தடமே கணக்கு. குண்டு முதலில் விழுந்து பதித்த குழியின் அண்மை விளிம்பில் நாடாவின் சுழிமுனையை வைத்து, 2.135 மீட்டர் விட்டமுள்ள எறிவட்டத்தின் மையம் வழியாக இழுப்பர். வட்டத்தின் உள்விளிம்பில் காட்டும் எண்ணே அளவாகும். வட்டத்தின் முன்புறமுள்ள தடுப்புக்கட்டையின் உட்பக்கத்தைக் கால் தொடலாம். மேற்பரப்பைத் தொட்டால் தவறு. குண்டு எல்லைக்கோட்டின்மீது விழுவதும், அது தரையைத் தொடுமுன் வீரர் வட்டத்தை விட்டு வெளியேறுவதும் தவறுகளே. எறிந்தபின் வட்டத்தின் பின்பாதி வழியாகவே வெளியேற வேண்டும்.

எனவே, குண்டு பறக்கும் வேளையிலும் ஒரு நடுவரின் பார்வை வீரரின் கால்களிலேயே நிலைத்திருப்பதைக் காணலாம்.