ஆளுமை வினாநிரல் (வேலைத் தேர்வு)

ஆளுமை வினாநிரல் என்பது, ஒருவர் வழக்கமாக எப்படி நடந்துகொள்பவர் என்பதை அவரே தரும் விடைகளின் வழியே எண்ணால் அளக்கும் உளவியல் கருவி ஆகும். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நேர்காணலுக்கு முன்போ பின்போ பல நிறுவனங்கள் இதைப் பயன்படுத்துகின்றன.

இது நாட்டச் சோதனையிலிருந்து வேறுபட்டது. இந்திய இரயில்வேயில் நிலைய அதிகாரி, உதவி ஓட்டுநர் பணிகளுக்கு நடத்தப்படும் கணினிவழி நாட்டச் சோதனையில் சரியான விடை, தவறான விடை உண்டு; ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் உண்டு. ஆளுமை வினாநிரலில் தனியொரு வினாவுக்குச் சரியான விடை என்று ஒன்றில்லை. ஒரே பண்பைப் பற்றிய பல விடைகளைச் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வருகிறார்கள். அதனால்தான் விடைகளுக்கு இடையே உள்ள ஒத்திசைவு முக்கியமாகிறது.

தோற்றம்

முதலாம் உலகப் போரின்போது, மனநெருக்கடிக்கு எளிதில் ஆளாகக்கூடிய வீரர்களை முன்கூட்டியே அடையாளம் காண்பதற்காக அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த் ஒரு வினாநிரலை உருவாக்கினார். ஆளுமை வினாநிரல்களின் முன்னோடியாக அது கருதப்படுகிறது. ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை விடையளிக்கும் முறையை 1932ஆம் ஆண்டில் ரென்சிஸ் லிக்கர்ட் முன்வைத்தார். இன்றும் அது லிக்கர்ட் அளவுகோல் என அவர் பெயராலேயே வழங்குகிறது.

எதை அளக்கிறது

இன்றைய வினாநிரல்கள் பலவற்றுக்கு ஐங்காரணிக் கோட்பாடு அடிப்படையாக உள்ளது. புதியன ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, புறமுகத்தன்மை, இணக்கம், உணர்ச்சி நிலைப்பாடு என்பவை அந்த ஐந்து காரணிகள். ஒவ்வொரு காரணியும் ஒரு நீண்ட அளவுகோல். எல்லோரும் அதில் ஏதோ ஓர் இடத்தில் இருப்பர். ஒருவருடைய மொத்த மதிப்பெண்ணை, முன்பே அதே வினாநிரலுக்கு விடையளித்த ஒரு பெருங்குழுவின் மதிப்பெண்களோடு ஒப்பிட்டு, அவருடைய இடத்தைக் கணிக்கிறார்கள்.

மதிப்பிடும் முறை: ஓர் எடுத்துக்காட்டு

பொறுப்புணர்வை அளக்க ஆறு கூற்றுகள் தரப்பட்டுள்ளன எனக் கொள்வோம். 1 என்றால் முற்றிலும் மறுப்பு, 5 என்றால் முற்றிலும் உடன்பாடு. கவிதா, செல்வம் என்னும் கற்பனை விண்ணப்பதாரர் இருவரின் விடைகள் வருமாறு:

| கூற்று | கவிதா | செல்வம் |
|---|---|---|
| 1. ஒரு வேலையை முடித்த பிறகே அடுத்ததைத் தொடங்குவேன் | 4 | 5 |
| 2. எந்த வேலையையும் முன்கூட்டியே திட்டமிடுவேன் | 4 | 5 |
| 3. திட்டம் ஏதுமின்றி மனம்போன போக்கில் வேலையைத் தொடங்கிவிடுவேன் | 3 | 4 |
| 4. சொன்ன நாளுக்குள் வேலையை முடித்துக் கொடுப்பேன் | 4 | 5 |
| 5. கடைசி நேரம் வரை வேலையைத் தள்ளிப்போடுவேன் | 2 | 4 |
| 6. சலித்துவிட்டால் வேலையைப் பாதியில் விட்டுவிடுவேன் | 2 | 4 |

இவற்றுள் 3, 5, 6 ஆகியவை எதிர்நிலைக் கூற்றுகள். இவற்றுக்கான விடையை 6இலிருந்து கழித்து எதிராக்க வேண்டும். கவிதாவின் 3, 2, 2 என்பவை 3, 4, 4 ஆகின்றன. அவருடைய மொத்தம் 30க்கு 23. செல்வத்தின் 4, 4, 4 என்பவை 2, 2, 2 ஆகின்றன. அவருடைய மொத்தம் 21.

மொத்தத்தை மட்டும் பார்த்தால் இருவரும் ஏறக்குறைய சமம். இனி ஒரே பொருளை இரு பக்கத்திலிருந்து கேட்கும் இணைகளைப் பார்க்கலாம்: 1உம் 6உம், 2உம் 3உம், 4உம் 5உம். எதிராக்கிய பின் ஒவ்வோர் இணைக்கும் இடையிலான வேறுபாட்டைக் கூட்டினால், கவிதாவுக்கு 0 + 1 + 0 = 1. செல்வத்துக்கு 3 + 3 + 3 = 9. அதிகபட்சமாக வரக்கூடிய வேறுபாடு 12. செல்வம் எந்தக் கூற்றைக் கண்டாலும் ‘ஆம்’ என்ற பக்கமே சாய்ந்திருக்கிறார். கூற்றின் பொருளைக் கவனித்து விடையளித்ததாகத் தெரியவில்லை. எனவே 21 என்ற எண் அவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

ஓர் இணை முரண்படுவதால் மட்டும் ஒருவரைப் பொய்யர் எனக் கொள்வதில்லை. கடைசி நேரம் வரை தள்ளிப்போட்டும் சொன்ன நாளில் முடித்துவிடுபவர்கள் உண்டு. 4, 5 இரண்டுக்கும் அவர்கள் உண்மையாகவே உடன்படலாம். ஆகவே உண்மையான வினாநிரல்களில் பல இணைகளின் வேறுபாட்டைக் கூட்டி, அது ஓர் எல்லையைத் தாண்டினால் மட்டுமே ஐயத்துக்குரியதாகக் குறிப்பார்கள். மருத்துவ உளவியலில் பயன்படும் மினசோட்டா பன்முக ஆளுமை வினாநிரலின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கென்றே தனி அளவுகோல் சேர்க்கப்பட்டது.

ஒத்திசைவும் உண்மையும்

மூன்றாவதாக ஒருவர் 5, 5, 1, 5, 1, 1 என விடையளித்தால், அவர் பெறுவது முழு மதிப்பெண் 30. இணைகளிலும் வேறுபாடு இல்லை. இத்தகையவரைக் கண்டறியச் சில வினாநிரல்களில், ‘நான் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை’, ‘யார் மீதும் எரிச்சல் பட்டதே இல்லை’ போன்ற கூற்றுகளை இடையிடையே வைப்பார்கள். இவற்றுக்கெல்லாம் முழுமையாக உடன்படுபவர் தம்மை நல்லவராகக் காட்ட முயல்கிறார் எனக் கருதப்படும்.

வேறு சில வினாநிரல்களில் கட்டாயத் தெரிவு முறை உள்ளது. ‘குழுவோடு சேர்ந்து உழைப்பேன்’, ‘நுணுக்கங்களைக் கவனிப்பேன்’, ‘புது வழிகளைத் தேடுவேன்’ என மூன்று நல்ல கூற்றுகளைத் தந்து, தமக்கு மிகவும் பொருந்துவது ஒன்றையும் மிகக் குறைவாகப் பொருந்துவது ஒன்றையும் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ சொல்ல அங்கே வழியில்லை.

ஒத்திசைவாக விடையளித்தல்

நேர்மையாக விடையளிப்பவர்களிடமும் முரண்பாடு தோன்றுவதுண்டு. ஒரு கூற்றைப் படிக்கையில் வீட்டை நினைத்தும், மற்றொன்றைப் படிக்கையில் கல்லூரியை நினைத்தும் விடையளிப்பதே இதற்கு முதன்மைக் காரணம். நண்பர்களிடையே ஓயாமல் பேசும் ஒருவர் வகுப்பில் வாய் திறக்காதவராக இருக்கலாம். எனவே தொடங்கும் முன் அறிவுரைப் பகுதியைப் படித்து, எந்தச் சூழலை மனத்தில் கொள்ளச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எதுவும் சொல்லப்படவில்லையெனில் வேலைச் சூழலைக் கொள்ளலாம். இதுவரை வேலை பார்க்காதவர் கடந்த ஓராண்டில் செய்த செயல்திட்டம், பகுதிநேரப் பணி, பயிற்சி ஆகியவற்றை வைத்து, கடைசி வினா வரை அதே சூழலில் நின்று விடையளிக்கலாம்.

அடுத்த காரணம் மொழி. ‘வேலையைத் தள்ளிப்போடுவது எனக்கு வழக்கம் இல்லை’ என்ற கூற்றை மறுத்தால், தள்ளிப்போடுவதாகப் பொருள். ஆங்கிலத்தில் அமைந்த வினாநிரலில் எதிர்மறைச் சொல்லைத் தவறவிடுவது இன்னும் எளிது. அத்தகைய கூற்றை மனத்துக்குள் நேர்கூற்றாக மாற்றிப் பார்த்த பின் விடையளிப்பது நல்லது.

முந்தைய விடையை நினைவில் வைத்து அதற்கேற்ப விடையளிக்க முயல்வது பெரும்பாலும் பயன் தராது. நூற்றுக்கு மேற்பட்ட கூற்றுகளில் எது எதற்கு இணை என்பது தெரியாது. ‘எப்போதாவது’, ‘எப்போதும்’ என்ற சிறு வேறுபாடும் விடையை மாற்றும். ஒவ்வொரு கூற்றையும் தனியாக எடுத்து, தாம் உண்மையில் பெரும்பாலும் செய்வது எது என்று கேட்டுக்கொண்டால் ஒத்திசைவு தானே அமையும்.

வரம்புகள்

1991ஆம் ஆண்டில் பேரிக், மவுண்ட் ஆகியோர் முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து ஆராய்ந்தனர். ஐந்து காரணிகளுள் பொறுப்புணர்வே எல்லாத் தொழிற்பிரிவுகளிலும் பணித்திறனோடு தொடர்புடையதாக இருந்தது. ஆனால் அந்த ஒட்டுறவுக் கெழு சுமார் 0.2 மட்டுமே. பணித்திறனில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 4 விழுக்காட்டையே அது விளக்குகிறது. ஆகவே இம்மதிப்பெண்ணை மட்டும் கொண்டு ஒருவரைத் தேர்வதோ விலக்குவதோ முறையாகாது. மக்களை 16 வகைகளாகப் பிரிக்கும் மையர்ஸ்–பிரிக்ஸ் வினாநிரலை ஆள்தேர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே அறிவித்துள்ளது.

நடித்து விடையளிப்பதில் விண்ணப்பதாரருக்கும் இழப்பு உண்டு. தனித்து வேலை செய்ய விரும்பும் ஒருவர், புறமுகத்தன்மை மிக்கவராகத் தம்மைக் காட்டி விற்பனைப் பணியில் சேர்ந்தால், நாள்தோறும் புதியவர்களைத் தேடிச் சென்று பேசவேண்டியவர் அவரே.