மூட்டை கட்டிய பயறும் முதுகு டிஸ்க்கும்

சமையல் கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்ட 38 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று வாரம் ஆகிறது. நடக்கிறார், வேலைக்குப் போகிறார், குனிந்தால் மட்டும் வலிக்கிறது. வயிற்றுத் தசையைப் பலப்படுத்தினால் முதுகு தேறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மைத்துனர் தினமும் ஐம்பது சிட்-அப் எடுக்கச் சொல்கிறார். ஜிம் பயிற்சியாளரோ இரண்டு நிமிடம் பிளாங்க் நிற்கச் சொல்கிறார். எதைச் செய்தால் ஆபத்தில்லை?

ஆறிவரும் முதுகுக்கு இரண்டில் பிளாங்க்தான் பாதுகாப்பானது. ஆனால் இரண்டு நிமிடக் கணக்கு வேண்டாம். ஏன் என்பதற்கு டிஸ்க்குக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

பச்சைப்பயறை ஊறவைத்து, துணியில் இறுக மூட்டை கட்டி வைக்கிறோம். மறுநாள் காலையில் பயறு பருத்து, துணி விண்ணென்று இழுபட்டு நிற்கும். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கும் ஏறக்குறைய அப்படி ஒரு மூட்டைதான். நடுவில் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் கூழ். அதைச் சுற்றி அடுக்கடுக்காக நார்ச்சுவர். ஓர் அடுக்கில் நார் ஒரு பக்கம் சாய்ந்து ஓடினால் அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கம் சாய்ந்து ஓடும், துணியின் பாவும் ஊடும் போல. இரவு படுத்ததும் முதுகின் மேல் இருந்த பாரம் இறங்குகிறது, கூழ் தண்ணீரைக் குடிக்கிறது. அதனால்தான் காலையில் நாம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக எழுகிறோம். எழுந்து நடமாடிய முதல் ஒரு மணி நேரத்திலேயே அதில் பெரும்பகுதி பிழிந்து வெளியேறிவிடுகிறது.

இந்த மூட்டையின் முன்பக்கத்தை அழுத்தினால் உள்ளே இருப்பது பின்பக்கம் தள்ளும். குனிவது என்றால் அதுதான். ஒரு தடவை, நூறு தடவை குனிந்தால் துணி கிழிந்துவிடாது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெகில் குழுவினர் பன்றியின் முதுகெலும்புத் துண்டுகளை ஆயிரக்கணக்கான தடவை வளைத்துப் பார்த்தார்கள். பின்பக்க நார்கள் ஒவ்வொன்றாக விலகி, அந்த இடைவெளியில் கூழ் மெல்லத் தடம் பிடித்து வெளியே வந்தது. முளை துணியின் கண்ணைத் துளைத்துக்கொண்டு தலைநீட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிஸ்க் பிதுங்கல் என்று மருத்துவர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அந்தப் பின்பக்கத்துக்கு அருகில்தான் காலுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது.

டிஸ்க் இப்படிப் பிதுங்கக் குனிவது மட்டும் போதாது, மேலிருந்து நசுக்கவும் வேண்டும். சிட்-அப் இரண்டையும் சேர்த்துச் செய்கிறது. தோள் தரையைவிட்டுக் கிளம்பும் வரைதான் வயிற்றுத் தசைக்கு முக்கிய வேலை. அதற்குப் பிறகு உடம்பைத் தூக்கி உட்கார வைப்பது இடுப்பை மடக்கும் தசைகள். அவற்றில் சோவாஸ் என்ற தசை கீழ்முதுகு எலும்புகளின் பக்கவாட்டிலேயே ஒட்டிக்கொண்டு தொடை எலும்பின் உட்பக்கம் வரை இறங்குகிறது. அது சுருங்கும்போது தொடைக்கும் முதுகுக்கும் நடுவில் கயிறு கட்டி இழுத்ததுபோல் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்குகின்றன. 1997இல் மெகில் குழு கணக்கிட்டபோது ஒரு சிட்-அப்புக்கு டிஸ்க் மீது 3,300 நியூட்டன் அளவு நசுக்கல் விழுந்தது. ஏறத்தாழ 330 கிலோ பாரம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் சுமை தூக்குவோருக்கு வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு 3,400. முழங்காலை மடக்கிச் செய்தால் சோவாஸ் ஓய்வெடுத்துவிடும் என்பது ஜிம்களில் காலங்காலமாகச் சொல்லப்படுவது. அளந்து பார்த்தபோது நீட்டிய காலுக்கும் மடக்கிய காலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாதத்தை ஒருவர் பிடித்துக்கொண்டால் இடுப்புத் தசைகள் இன்னும் பலமாக இழுக்கும்.

வரலாறு இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. 1937இல் டல்லாஸ் நகர எலும்பு மருத்துவர் பால் வில்லியம்ஸ், முன்னோக்கி வளையும் பயிற்சிகளையே முதுகுவலிக்கு மருந்தாகப் பரிந்துரைத்தார். அவற்றில் சிட்-அப்பும் உண்டு. 1960களில் ஸ்வீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

சிட்-அப்பை விஷம் என்று பரப்பும் வீடியோக்களையும் நான் நம்பவில்லை. பன்றியின் செத்த எலும்பு ஆறாது. உயிருள்ள டிஸ்க், மெதுவாகத்தான் என்றாலும், தன்னைச் சரிசெய்துகொள்ளும். அமெரிக்க ராணுவத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிட்-அப்பும் மறுபிரிவுக்கு முதுகை அசைக்காத பயிற்சிகளும் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வெளிவந்த முடிவு: காயங்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் இளைஞர்கள், நல்ல உடம்போடு வந்தவர்கள். நார் இப்போதுதான் ஒட்டிக்கொண்டிருக்கும் முதுகு வேறு. அதேபோல் ‘கோர்’ தசையைத் தட்டி எழுப்பினால் வலி பறந்துவிடும் என்பதும் மிகை. நாட்பட்ட முதுகுவலிக்கு அந்த வகைப் பயிற்சி மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானதல்ல என்று 2016இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. பிளாங்க்குக்கு மந்திர சக்தி கிடையாது. முதுகை வளைக்காமல் வேலை வாங்குகிறது, அவ்வளவுதான். இப்போது வேண்டியதும் அதுதான்.

நம் வாசகர் தரையில் முழு பிளாங்க்கோடு தொடங்க வேண்டாம். சாப்பாட்டு மேசையின் விளிம்பில் முன்கைகளை ஊன்றி, உடம்பைச் சாய்வாக நேர்கோட்டில் வைத்து, பத்து விநாடி நின்று இறங்கட்டும். மூச்சை அடக்கக்கூடாது. முதலில் ஐந்து தடவை, சற்று இளைப்பாறி நான்கு, பிறகு மூன்று. ஒரு வாரம் சுகமாகப் போனால் தரையில் முழங்கால் ஊன்றிச் செய்யலாம், பிறகு பாதத்துக்கு மாறலாம். நேரத்தை நீட்டுவதைவிடத் தடவைகளைக் கூட்டுவது நல்லது. களைத்த வயிறு தளரும்போது இடுப்பு தொட்டில்போல் கீழே தொய்கிறது. அப்போது பாரம் முதுகின் பின்பக்க மூட்டுகளில் உட்காரும். கீழ்முதுகில் கிள்ளுவதுபோல் தெரிந்தால் அதுதான் அடையாளம், உடனே இறங்கிவிட வேண்டும்.

வலி எங்கே போகிறது என்றும் கவனிக்கட்டும். காலில் இருந்த வலி இடுப்பை நோக்கிச் சுருங்கினால் நல்ல திசை. இடுப்பில் இருந்தது பிட்டம், கெண்டைக்கால், பாதம் என்று இறங்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீர் பிரியாமல் போனாலோ, அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வயதானவர்களுக்கு நரம்புப் பாதை குறுகி வரும் வலியோ குனிந்தால் தணியும், நிமிர்ந்தால் கூடும். அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கடிதத்தின் கடைசி வரியில் அவர் எழுதியிருந்தது: ‘காலை ஐந்தரைக்கு எழுந்த கையோடு பாயிலேயே செய்துவிடலாம் என்றிருக்கிறேன்.’ மூட்டை முழுசாக ஊறி விண்ணென்று நிற்கும் நேரம் அது. அப்போது குனிந்தால் டிஸ்க்கின் மீது விழும் வளைவழுத்தம் மாலையில் விழுவதைப்போல் பல மடங்கு. 1998இல் அமெரிக்காவில் நாட்பட்ட முதுகுவலிக்காரர்களை, எழுந்தபின் முதல் இரண்டு மணி நேரம் குனியாமல் இருக்கச் சொன்னார்கள். வேறு சிகிச்சை இல்லாமலே பலருக்கு வலி குறைந்தது. எனவே ஐந்தரைக்கு எழுந்தால் நடக்கப் போகட்டும். செருப்பைக் குனிந்து மாட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்து, காலை மேலே தூக்கி மாட்டிக்கொள்ளட்டும். மேசை பிளாங்க்கை மாலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளலாம்.