ஆரணி ஃபில்டர் தூளும் போர்-ஓவரும்: அரவை மாறினா என்ன ஆகும்?

ஆரணின்னா உங்களுக்குப் பட்டுச் சேலைதான் ஞாபகம் வரும். இந்த எபிசோடுல நான் பேசப்போறது அங்க எங்க வீட்டுல நான் போட்டுப் பார்த்த மூணு காபியைப் பத்தி.

நம்ம ஊர்ல காபித்தூள் கடையில கேட்டா, வழக்கமா ஃபில்டருக்குத்தான் நைஸா அரைச்சுத் தருவாங்க. டபராவுல ஊத்தற காபிக்கு அது சரி. டிகாக்‌ஷன் மெதுவா சொட்டும், கெட்டியா இறங்கும், லேசா கசந்தாலும் பாலும் சர்க்கரையும் மறைச்சிடும். போர்-ஓவர்ல பால் கிடையாது. அதனால கசப்பு அப்படியே நாக்குல தெரியும்.

நான் சிக்கரி கலக்காத கொட்டையை வாங்கி, மூணு விதமா அரைச்சேன். மூணுக்கும் 15 கிராம் தூள், 250 மில்லி தண்ணி, கொதி அடங்கின சூடு. முதல்ல 40 மில்லி ஊத்தி அரை நிமிஷம் விட்டு, மீதியை மெதுவா ஊத்தினேன்.

ஃபில்டர் தூள் மாதிரி நைஸா அரைச்சது: தண்ணி பேப்பர்ல தேங்கி நின்னுது. முழுசா இறங்க அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. கசப்பு மட்டும் இல்ல, குடிச்சதும் நாக்கு வறண்டு இழுத்துது.

கல்லுப்பை உடைச்ச மாதிரி கொரகொரப்பா அரைச்சது: ரெண்டு நிமிஷம்கூட ஆகல. புளிப்பா, தண்ணியா இருந்துது.

ரவை அளவுக்கு அரைச்சது: மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் முன்ன பின்ன. லேசான புளிப்பு, நல்ல இனிப்பு, கசப்பு அடக்கம்.

காரணம் இதுதான். தூள் நைஸாக நைஸாக, தண்ணி தொடற பரப்பு கூடுது, அதனால சத்து சீக்கிரம் கரையுது. அதோட துகள்களுக்கு நடுவுல இருக்கற வழியும் குறுகுது, அதனால தண்ணி அதிக நேரம் உள்ளயே நிக்குது. ரெண்டும் ஒரே பக்கம் தள்ளுது. புளிப்பு முதல்ல கரையும், இனிப்பு அடுத்து வரும், கசப்பும் துவர்ப்பும் கடைசியில தலைகாட்டும். போர்-ஓவர்ல நேரத்தை நாம நேரடியா வைக்கறதில்ல, பெரும்பாலும் அரவைதான் அதை வைக்குது.

அதனால உங்க கப் புளிச்சா ஒரு படி நைஸா அரைங்க. கசந்து நாக்கு வறண்டா ஒரு படி கொரகொரப்பா போங்க. தூளோட அளவையும் தண்ணியையும் அப்ப மாத்தாதீங்க. மாத்தினா எது எதைச் செஞ்சுதுன்னு தெரியாது.

ஒரே கப்புல புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தா? அரவை சமமா இல்லைன்னு அர்த்தமா இருக்கலாம். பிளேடு சுத்தற மிக்ஸில பெரும்பாலும் இப்படித்தான் ஆகும்: மாவும் வரும், பெரிய துண்டும் வரும். அப்ப அளவை மாத்திப் பெருசா பலன் இல்ல. பர் கிரைண்டர் வேணும், இல்லேன்னா கடையில ரவை பதத்துக்கு அரைச்சுத் தரச் சொல்லுங்க. சிக்கரி கலந்த தூளுக்கு இந்தக் கணக்கு சரியா வராது. சிக்கரிக்குன்னு தனிக் கசப்பும் கரையற வேகமும் இருக்கு.