அறுவது எந்தப் பிணைப்பு?

ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தைக் கண்ணாடிப் புட்டியில் வைக்க முடியாது. கண்ணாடியில் இருக்கும் சிலிக்காவோடு வினைபுரிந்து புட்டியின் சுவரையே அரித்துவிடும். அதனால் அது பிளாஸ்டிக் கலன்களில்தான் விற்பனைக்கு வருகிறது. வேதியியல் பாடநூலைத் திறந்தால், இதே அமிலம் 'வலிமை குறைந்த அமிலங்கள்' பட்டியலில் இருக்கிறது. கழிப்பறை கழுவ மளிகைக் கடையில் விற்கும் ஆசிட்டில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலமோ 'வலிமை மிகு அமிலம்'. அதைக் கண்ணாடிப் புட்டியில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம்.

முரண்பாடு போலத் தெரிவதற்குக் காரணம், வலிமை என்ற சொல்லுக்கு வேதியியலில் இருக்கும் குறுகிய பொருள்தான். ஓர் அமிலம் எதை அரிக்கும், எவ்வளவு சுடும் என்பதை அது சொல்வதில்லை. நீரில் கரைந்ததும் தன் மூலக்கூறுகளில் எத்தனை பங்கு ஹைட்ரஜன் அயனியை நீருக்குக் கொடுத்துவிட்டு நிற்கின்றன என்பதை மட்டுமே சொல்கிறது. ஒரு லிட்டர் நீரில் 0.1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கரைத்தால் அநேகமாக எல்லா மூலக்கூறுகளும் பிரிந்துவிடும். அதே அளவு ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் நூற்றுக்கு எட்டுதான் பிரியும். மீதி 92 முழு மூலக்கூறாகவே நீரில் திரியும்.

அந்தப் பிரியாத 92தான் ஆபத்து. மின்சுமை ஏதும் இல்லாத சிறிய மூலக்கூறு என்பதால் அது தோலைத் துளைத்து உள்ளே போகிறது. அங்கே விடுபடும் ஃபுளூரைடு, உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. நீர்த்த அமிலம் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல், சில மணி நேரம் கழித்துத்தான் கடுமையாக வலிக்கத் தொடங்கும். அதிகமாகப் பட்டால் இரத்தத்தில் கால்சியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். இந்த அமிலத்தைக் கையாளும் ஆய்வகங்களில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பை எட்டும் தூரத்தில் வைத்திருப்பது இதற்காகவே.

ஆனால் ஃபுளூரின் ஏன் ஹைட்ரஜனை விட மறுக்கிறது? தனிமங்களிலேயே எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் தன்மை, அதாவது எலக்ட்ரான் கவர்தன்மை, ஃபுளூரினுக்குத்தான் மிக அதிகம். பாலிங் அளவுகோலில் அதன் மதிப்பு 3.98. குளோரினுக்கு 3.16, புரோமினுக்கு 2.96, அயோடினுக்கு 2.66. எலக்ட்ரானை இவ்வளவு பலமாக இழுத்துக்கொண்டால் ஹைட்ரஜன் வெறும் அயனியாகக் கழன்று போவது எளிதுதானே என்று மாணவர் நினைப்பதில் தவறில்லை. அந்தக் கணக்குப்படி HF முதலிடத்திலும் HI கடைசியிலும் நிற்க வேண்டும். உண்மையில் வரிசை தலைகீழாக இருக்கிறது. நால்வரில் மிக வலிமையானது HI. அடுத்து HBr, பிறகு HCl, கடைசியில் HF.

காரணம், இங்கே ஹைட்ரஜன் நேரடியாக ஹாலஜனோடு கட்டப்பட்டிருக்கிறது. ஹைட்ரஜன் வெளியேற வேண்டுமானால் அந்தப் பிணைப்பே அறுபட வேண்டும். ஃபுளூரின் அணு சிறியது. ஹைட்ரஜனோடு மிக நெருங்கி இறுகப் பிணைகிறது. அந்தப் பிணைப்பை அறுக்க மோலுக்குச் சுமார் 570 கிலோஜூல் தேவை. குளோரினுக்கு இது 430 அளவுக்கு இறங்குகிறது, புரோமினுக்கு 366, பெரிய அணுவான அயோடினுக்கு 298 போதும். ஃபுளூரினின் எலக்ட்ரான் இழுவையும் இங்கே எதிர்ப்பக்கம் சேர்ந்துகொள்கிறது. இரு முனைகளிலும் தோன்றும் எதிரெதிர் மின்சுமைகள் ஒன்றையொன்று கவர்வதால் பிணைப்பு இன்னும் இறுகுகிறது.

பிணைப்பு ஆற்றல் மட்டுமே முழுக் கதை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். விடுபட்ட ஃபுளூரைடு அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் மிக நெருக்கமாக மொய்க்கின்றன. அதில் வெளிப்படும் ஆற்றல், பிணைப்பை அறுத்த செலவில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. ஆனால் அந்த நீர் மூலக்கூறுகள் ஒழுங்காகக் கட்டுண்டு போவதால் கரைசலின் ஒழுங்கின்மை குறைகிறது. இயற்கை அதற்கும் ஒரு விலை வைத்திருக்கிறது. HF கடைசியில் நிற்பதில் இந்த விலைக்கும் பங்குண்டு.

இனி அதே ஹாலஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவில் ஓர் ஆக்சிஜனைச் செருகிப் பார்க்கலாம். HCl என்பது HOCl ஆகிறது. இதுதான் ஹைப்போகுளோரஸ் அமிலம். மழைக்காலத்தில் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் பிளீச்சிங் பவுடர் போடும்போது நீரில் உருவாகி, கிருமிகளைக் கொல்வது இது. புரோமினிலும் அயோடினிலும் இதே போன்ற அமிலங்கள் உண்டு.

இவற்றை ஒப்பிடும்போது pKa என்ற எண் கைகொடுக்கும். எண் சிறியதாக இருந்தால் அமிலம் வலியது. ஒன்று குறைந்தால் வலிமை பத்து மடங்கு கூடுகிறது. HOCl-க்கு இது 7.5, HOBr-க்கு 8.7 அளவில், HOI-க்கு 10.6 அளவில். குளோரின் முதலில், அயோடின் கடைசியில். முன்பு பார்த்த வரிசை அப்படியே கவிழ்ந்துவிட்டது.

இரண்டிலும் இருப்பவை அதே ஹாலஜன்கள். மாறியது ஒன்றே ஒன்று: அறுபடும் பிணைப்பு. ஆக்ஸோ அமிலங்களில் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு கட்டப்பட்டிருக்கிறது. மூன்றிலும் அறுபடுவது O–H பிணைப்புதான். ஆகவே ஹாலஜன் அணு பெரியதா சிறியதா என்பது இங்கே பெரிதாகக் கணக்கில் வருவதில்லை. அப்பால் இருந்தபடி ஆக்சிஜனின் எலக்ட்ரான்களை எவ்வளவு தன் பக்கம் இழுக்கிறது என்பதே எடுபடுகிறது. குளோரின் அதிகம் இழுப்பதால் O–H தளர்கிறது. அயோடின் குறைவாக இழுப்பதால் இறுக்கமாகவே இருக்கிறது. நேரடிப் பிணைப்பில் அடங்கிப் போன எலக்ட்ரான் கவர்தன்மை இங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது.

இந்தச் சிறு வேறுபாட்டின் விளைவு தண்ணீர்த் தொட்டியிலேயே தெரியும். கிருமியின் சுவரைத் தாண்டி நன்றாக உள்ளே போவது பிரியாத HOCl மூலக்கூறு. ஹைட்ரஜனை இழந்த ஹைப்போகுளோரைட் அயனி மின்சுமை உடையது. கிருமியைக் கொல்வதில் அது மிகவும் பின்தங்கியது. நீரின் pH 7.5 ஆக இருந்தால் பாதிக்குப் பாதி. 8 ஆனால் கால்வாசி அளவே HOCl ஆக மிஞ்சும். 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதே அளவு பவுடர்தான், ஆனால் காரத்தன்மை ஏறிய நீரில் அதன் வேகம் குறைந்துவிடுகிறது. புரோமினின் அமிலம் இன்னும் வலிமை குறைந்தது என்பதால் pH 8-லும் ஐந்தில் நான்கு பங்கு பிரியாமல் நிற்கும். வெந்நீர்க் குளியல் தொட்டிகளில் சில இடங்களில் குளோரினுக்குப் பதில் புரோமின் சேர்மங்களைப் பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இரு குடும்பங்களும் வீட்டுக்குள் சந்திக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. பிளீச்சிங் பவுடர் தூவிய கழிப்பறைத் தரையில் ஆசிட்டை ஊற்றினால், HOCl-உம் HCl-உம் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சிறிய அறையில் அது மூச்சுக்குழாயைப் பதம் பார்த்துவிடும்.

குளோரின் அணுவோடு ஆக்சிஜன் மேலும் மேலும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஓர் ஆக்சிஜனுள்ள ஹைப்போகுளோரஸின் pKa 7.5. இரண்டு ஆக்சிஜனுள்ள குளோரஸ் அமிலத்துக்கு 2 அளவு. மூன்றுள்ள குளோரிக் அமிலத்துக்குச் சுழிக்கும் கீழே, −1 அளவு. நான்குள்ள பெர்குளோரிக் அமிலம் அளவிடவே கடினமான அளவுக்கு இன்னும் கீழே. 0.1 மோல் கரைசலில் ஹைப்போகுளோரஸ் மூலக்கூறுகள் பத்தாயிரத்துக்கு ஐந்தாறு பிரியும்; கணக்குப்படி குளோரஸில் நூற்றுக்கு 28 பிரியும்; பெர்குளோரிக்கில் எதுவும் பிரியாமல் மிஞ்சாது.

கூடுதல் ஆக்சிஜன்கள் இரண்டு வழிகளில் உதவுகின்றன. ஒவ்வொன்றும் குளோரினிடமிருந்து எலக்ட்ரானை இழுக்க, குளோரின் அந்தக் குறையை O–H பக்கமிருந்து ஈடுகட்டப் பார்க்கிறது. இதைவிட முக்கியம், ஹைட்ரஜன் போன பின் மிஞ்சும் எதிர்மின்சுமை. ஹைப்போகுளோரைட்டில் அந்தச் சுமை ஏறக்குறைய ஒரே ஆக்சிஜன் தலையில். பெர்குளோரேட்டில் நான்கு ஆக்சிஜன்களும் அதைச் சமமாகத் தூக்குகின்றன, நால்வர் சேர்ந்து பல்லக்குச் சுமப்பதைப் போல. சுமை இப்படிப் பரவிய அயனிக்குப் போன ஹைட்ரஜனைத் திரும்பப் பிடிக்கும் ஆவல் இருக்காது.

இதற்கு லைனஸ் பாலிங் ஓர் எளிய கணக்குத் தந்தார். ஹைட்ரஜன் ஒட்டாத ஆக்சிஜன்களை மட்டும் எண்ணி, அந்த எண்ணிக்கையை ஐந்தால் பெருக்கி, எட்டிலிருந்து கழித்தால் pKa தோராயமாகக் கிடைக்கும். ஹைப்போகுளோரஸில் அப்படிப்பட்ட ஆக்சிஜன் இல்லை; விடை 8. குளோரஸில் ஒன்று, விடை 3. குளோரிக்கில் இரண்டு, விடை −2. உண்மையான எண்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

'ஹைட்ரஜன் ஒட்டாத' என்ற நிபந்தனையை மறந்தால் கணக்கு சறுக்கும். பாஸ்பரஸின் மூன்று அமிலங்களான H₃PO₂, H₃PO₃, H₃PO₄ ஆகியவற்றை எழுதி, ஆக்சிஜன் கூடக் கூட வலிமை ஏறும் என்று விடை எழுதுவோர் பலர். மூன்றின் pKa-வும் 1-க்கும் 2-க்கும் அக்கம்பக்கமாகவே இருக்கிறது. போதாக்குறைக்கு, நான்கு ஆக்சிஜனுள்ள பாஸ்பாரிக் அமிலமே முதல் அமிலத்தைவிடச் சற்று வலிமை குறைந்தது. காரணம் அமைப்பில் இருக்கிறது. பாஸ்பரஸ் அமிலத்தில் ஒரு ஹைட்ரஜனும் ஹைப்போபாஸ்பரஸில் இரண்டும் பாஸ்பரஸ் அணுவோடு நேராகக் கட்டப்பட்டுள்ளன. எஞ்சியவைதான் ஆக்சிஜனோடு. ஹைட்ரஜன் ஒட்டாத ஆக்சிஜனை எண்ணினால் மூன்றிலும் ஒன்றே ஒன்று. பாலிங் கணக்கு மூன்றுக்கும் ஒரே விடை தருவது சரிதான். உப்புகளைப் பார்த்தாலும் இது தெரியும். பாஸ்பாரிக் அமிலத்தின் மூன்று ஹைட்ரஜன்களும் போய் ட்ரைசோடியம் பாஸ்பேட் கிடைக்கிறது. பாஸ்பரஸ் அமிலத்தில் எவ்வளவு சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றினாலும் இரண்டு ஹைட்ரஜனுக்கு மேல் விடாது.

கடைசியாக, இரண்டு குடும்பங்களின் தலைவர்களை மோதவிட்டால்? HCl-ஐயும் பெர்குளோரிக் அமிலத்தையும் நீரில் ஒப்பிடவே முடியாது. இரண்டும் முழுமையாகத் தம் ஹைட்ரஜனை நீருக்குக் கொடுத்துவிடுவதால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஹைட்ரஜனை அவ்வளவு எளிதில் வாங்கிக்கொள்ளாத கரைப்பான் வேண்டும். நீரில்லாத அசிட்டிக் அமிலம் அப்படிப்பட்டது. அதில் HCl தயங்குகிறது; பெர்குளோரிக் அமிலம் அதைவிட நன்றாக முன்னே நிற்கிறது.

மருந்துத் தர ஆய்வகங்களில் இந்த வேறுபாடு அன்றாடம் பயன்படுகிறது. நீரில் தரம் பார்த்து அளக்க முடியாத, மிகக் குறைந்த காரத்தன்மை கொண்ட மருந்துப் பொருளை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, 0.1 மோல் பெர்குளோரிக் அமிலத்தைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவார்கள். கிரிஸ்டல் வயலட் நிறங்காட்டி ஊதாவிலிருந்து நீலப் பச்சைக்கு மாறும்போது நிறுத்துவார்கள். கடையில் கிடைக்கும் பெர்குளோரிக் அமிலத்தில் சுமார் 30 சதவீதம் நீர் என்பதால், கரைசல் தயாரிக்கும்போதே அசிட்டிக் அன்ஹைட்ரைடு சேர்த்து அந்த நீரை அகற்றிவிடுவார்கள். நீர் மிஞ்சினால் அதுவே காரம்போல் நடந்து ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ளும். நிறம் மாறும் இடம் கூர்மையாகத் தெரியாமல் இழுத்துக்கொண்டே போகும்.